உன் பெயரில் இன்னொருவன் பேசும்போது

தம்பி,

நீ எழுதியிருந்ததை முழுவதும் படித்தேன். பதினொன்றாம் வகுப்புப் பையன் இவ்வளவு நிதானமாகத் தன் துன்பத்தை எழுதியிருப்பதைப் பார்த்து, இதை எத்தனை இரவு மனத்துக்குள்ளேயே எழுதி எழுதி அழித்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். ஆண்டு விழாவில் நீ ஆடியபோது எடுத்த படத்திலிருந்து உன் முகத்தை வெட்டி, புடவை கட்டிய ஒரு பெண்ணின் உடலில் ஒட்டி, உன் பெயரிலேயே இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அதே படத்தை ஸ்டிக்கராக்கிச் சுற்ற விடுகிறார்கள். அந்தக் கணக்கிலிருந்து உன் வகுப்பு மாணவிகளுக்கு, நீ அனுப்புவது போல அசிங்கமான செய்திகள் போயிருக்கின்றன. இதில் கடைசியாகச் சொன்னதை நீ ஒரே வரியில் கடந்துபோயிருந்தாய். என்னால் அதைக் கடக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அந்த வரிதான்.

நீ எழுதிய இன்னொரு வாக்கியத்துக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். "சில ராத்திரிகளில் அப்படியே இல்லாமல் போய்விடலாம் போல இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். பள்ளிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்ற பொருளில் சொன்னாயா, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கிறேன். இரண்டாவது என்றால், மற்றவை எல்லாம் காத்திருக்கட்டும். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் அதே சொற்களில் சொல். வாய் வரவில்லையென்றால் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடு. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 1098 குழந்தைகளுக்கான உதவி எண். பதினெட்டு வயது நிறையாத நீயும் அந்த எண்ணுக்கு உரியவன்தான். இதை எழுதுவதால் உன்னைப் பலவீனமானவன் என்று நான் நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. கும்பலாகச் சேர்ந்து ஒருவனைப் பார்த்துச் சிரித்தால், யாராக இருந்தாலும் தூக்கம் கெடும்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். போனில் ஏதாவது தகராறு என்றால் ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். அப்படி என்னிடம் வந்த விவகாரங்களில் பெரும்பாலானவை, வந்து சேர்வதற்கு முன்பே சிக்கலாகியிருந்தன. பிள்ளைகள் எதுவும் செய்யாமல் இருந்ததால் அப்படி ஆகவில்லை. செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்திருந்தார்கள்.

'கண்டுகொள்ளாதே' எதற்குப் பொருந்தும்?

உன் மாமா உன்னிடம், "கண்டுகொள்ளாதே, ரெண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும்" என்றாராம். அன்பினால்தான் சொல்லியிருப்பார். பட்டப்பெயர், நக்கல், ஒன்றிரண்டு கிண்டல் பதிவுகள் என்றால் அந்த அறிவுரை ஓரளவு பொருந்தவும் செய்யும். பதில் கிடைக்காத கிண்டல் பல நேரம் சலித்துப் போய் நின்றுவிடும். ஆனால் உனக்கு நடப்பது வேறு வகை. ஒருவன் உன்னைப் பற்றிப் பேசவில்லை, நீயாக நின்று பேசுகிறான். நீ சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் உன் பெயரில் புதிதாக ஒரு செய்தி யாருக்காவது போகலாம். அதைப் பெறுகிற மாணவிக்கோ அவள் அப்பாவுக்கோ அது போலிக் கணக்கு என்று எப்படித் தெரியும்? நாளைக்கு அவர்கள் கோபத்தோடு பள்ளிக்கு வந்தால், "அது நான் இல்லை" என்று நீ அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய தேதியில் நீ கொடுத்த ஒரு புகார் இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. ஆள்மாறாட்டத்தில் புகார் என்பது முதலில் உனக்கான பாதுகாப்பு. அந்தப் பையன்கள் யார், அவர்களுக்கு என்ன நடக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த மாணவிகளும் இதில் பாதிக்கப்பட்டவர்கள் என்பதை நீ கவனிக்க வேண்டும். அவர்களில் உனக்குக் கொஞ்சம் பேசக்கூடியவள் ஒருத்தி இருந்தால், நேரில், ஒரு தோழனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "என் பெயரில் இருக்கும் அந்தக் கணக்கு என்னுடையது இல்லை. உனக்கு வந்ததை அழிக்காதே, வீட்டில் காட்டு" என்று மட்டும் சொல். கூடுதலாக விளக்க வேண்டாம்.

அழிப்பதற்கு முன் சேர்த்து வை

அசிங்கமான ஒன்றைப் பார்த்ததும் கை தானாக அழிக்கத்தான் போகும். குழுவை விட்டு வெளியேறுவது, உரையாடலை நீக்குவது, ஆளை பிளாக் செய்வது எல்லாம் உன் உரிமை, செய்யலாம். ஆனால் அதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கி, நடந்ததைச் சேர்த்து வைத்துவிட வேண்டும்.

போலிக் கணக்கின் முகப்புப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடு. பயனர்பெயர் முழுதாகத் தெரிய வேண்டும். அதில் ஒரு புள்ளியோ அடிக்கோடோ கூடுதலாக இருக்கும், அதுதான் உன் உண்மையான கணக்கிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும். பயனர்பெயரை அவர்கள் எந்த நிமிடமும் மாற்றிவிடலாம் என்பதால், முகப்பின் லிங்கையும் நகலெடுத்துத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வை. கணக்கின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதி வரும். கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, முன்பு பெயர் மாற்றப்பட்டிருக்கிறதா என்பது அதில் தெரியும். அதையும் எடு. ஒவ்வொரு பதிவையும், அதன் கீழுள்ள கருத்துகளையும் தனித்தனியாக எடு. ஸ்டோரி என்றால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், தள்ளிப்போடாதே. வாட்ஸ்அப்பில், ஸ்டிக்கரை மட்டும் எடுக்காமல் அனுப்பியவரின் எண், நேரம், முன்னும் பின்னுமுள்ள செய்திகள் எல்லாம் ஒரே திரையில் வரும்படி எடு. நடுவில் வெட்டிய படத்தை யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்யும் வசதியும் அதிலேயே இருக்கிறது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பற்றிப் புகார் அனுப்பும்போது, கூடவே பிளாக் செய்து செய்திகளையும் அழிக்கலாமா என்று ஒரு கட்டம் கேட்கும். கவனிக்காமல் ஒப்புக்கொண்டால், புகார் போய்விடும், கையில் இருந்த சான்றும் போய்விடும். அந்தக் கட்டத்தைப் படித்த பிறகு அழுத்து. இன்னொன்று: இப்படிப் போலிக் கணக்கு தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, உன்னுடைய உண்மையான கணக்கை பிளாக் செய்வதுதான். உனக்கு அது கண்ணிலேயே படாது, வகுப்பில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ தேடியபோது கிடைக்கவில்லை, நண்பன் போனில் தெரிந்தது என்று எழுதியிருந்தாயே, காரணம் இதுவாகத்தான் இருக்கும். அந்த நண்பனையே மேலே சொன்னவற்றை எடுக்கச் சொல். எடுத்தவன் யார், என்றைக்கு எடுத்தான் என்று நோட்டில் குறித்துக்கொள்.

உன்னுடைய படம் ஆபாசமானதாக இல்லை என்பதால் இதைச் சொன்னேன். உன்னைப் போன்ற வேறு யாராவது இதைப் படித்து, அவர்களுடைய விஷயத்தில் ஆடையற்ற படமோ அப்படி மாற்றிச் செய்த படமோ இருந்தால், வழி வேறு. பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள ஒருவரின் அத்தகைய படத்தைச் சான்று என்று சொல்லி நண்பர்களுக்கு அனுப்பக் கூடாது. குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பார்ப்பது, வைத்திருப்பது பற்றி, சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கடுமையான தீர்ப்பு அளித்திருக்கிறது. லிங்கையும் பயனர்பெயரையும் குறித்துக்கொண்டு, நம்பும் ஒரு பெரியவரோடு நேராகப் போலீசுக்குப் போய், போனில் இருப்பதை இருக்கிறபடியே காட்டுவது சரி. படம் மேலும் பரவாமல் தடுக்க takeitdown.ncmec.org என்ற தளம் உதவும். அங்கே படத்தைப் பதிவேற்ற வேண்டியதில்லை. படத்திலிருந்து ஒரு எண் அடையாளம் உங்கள் போனிலேயே உருவாகி, அது மட்டும் போகும். அந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள், அதே படம் தங்களிடம் இருந்தால் கண்டுபிடித்து நீக்க அது பயன்படும். வாட்ஸ்அப் போன்ற மறையாக்கம் செய்த உரையாடல்களுக்குள் அது எட்டிப் பார்க்காது.

நாற்பது பேர் புகார் செய்தும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

"என் ஃபிரெண்ட்ஸ் நாற்பது பேரை ரிப்போர்ட் பண்ணச் சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை, அதனால் புகாரே வீண்" என்று நீ முடிவுக்கு வந்திருக்கிறாய். இந்த இடத்தில்தான் நான் நிறுத்தி நிதானமாகப் பேச விரும்புகிறேன். ஏனென்றால் எங்கள் பள்ளியிலும் இதே இடத்தில்தான் ஒரு விவகாரம் திரும்பியது.

பன்னிரண்டாம் வகுப்புப் பையன். அவன் பெயரில் கணக்கு, அவன் முகத்தை ஒட்டிய படங்கள், அவன் பெயரில் மாணவிகளுக்குச் செய்திகள். கிட்டத்தட்ட உன் கதைதான். நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கணக்கைப் புகார் செய்திருந்தார்கள். எல்லாருக்கும், விதிமீறல் எதுவும் இல்லை என்றே பதில் வந்திருந்தது. என்ன காரணம் சொல்லிப் புகார் செய்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதை அழுத்தியிருக்கிறார்கள். பாதிப் பேர் 'ஸ்பேம்', மற்றவர்கள் 'எனக்குப் பிடிக்கவில்லை'. ஸ்பேம் என்று சொன்னால், விளம்பரக் குப்பை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இல்லை, அதனால் நீக்க மாட்டார்கள். எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பது நீக்குவதைத் தீர்மானிப்பதில்லை என்று இன்ஸ்டாகிராமே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. நாற்பது தவறான புகார்களை விட, பாதிக்கப்பட்டவரே சரியான காரணத்தோடு கொடுக்கும் ஒன்று மேல்.

அன்று மாலை அவனுடைய அப்பாவை வரவழைத்தோம். சொல்லப்போனால் அவரை வரவழைப்பதற்குத்தான் அவன் ஒத்துக்கொள்ளாமல் வெகுநேரம் அழுதான். அதைப் பிறகு சொல்கிறேன். அவன் தன் உண்மையான கணக்கிலிருந்து, இந்தக் கணக்கு வேறொருவர் போல நடிக்கிறது என்ற பொருள்படும் காரணத்தைத் தேர்ந்தெடுத்தான். யாரைப் போல என்று அடுத்த கேள்வி வரும், அங்கே 'நான்' என்பதை. அதோடு நிறுத்தாமல், ஆள்மாறாட்டத்துக்கென்றே உள்ள தனிப் படிவத்தையும் நிரப்பினோம். அடையாள அட்டையின் படத்தைக் கேட்கும், அதனால்தான் வீட்டார் பக்கத்தில் இருப்பது நல்லது. அந்தப் படிவத்தை நிரப்ப இன்ஸ்டாகிராம் கணக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. செய்தி வந்த மாணவிகளில் ஒருத்தி, தனக்கு வந்த செய்தியின் மீதே தொல்லை என்ற காரணத்தில் தனியாகப் புகார் கொடுத்தாள். மறுநாள் மாலை அந்தக் கணக்கு இல்லை.

இதற்குச் சட்டத்தின் பக்கபலமும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்ப விதிகளை 2021-இல் கொண்டுவந்தபோது, உருமாற்றிய படம் உள்ளிட்ட ஆள்மாறாட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். 'அவர் சார்பில் வேறொருவர்' என்ற இடத்தை அடிக்கோடிட்டுக்கொள். உன் அப்பாவோ, அம்மாவோ, மாமாவோ உனக்காகக் கொடுக்கலாம். ரிப்போர்ட் பொத்தான் வேலை செய்யாவிட்டால், ஒவ்வொரு பெரிய தளமும் இந்தியாவில் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அவருடைய முகவரி தளத்தின் உதவிப் பக்கங்களில் இருக்கும், அங்கே எழுத்தில் அனுப்புங்கள். அந்தப் பதிலும் திருப்தியாக இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசு அமைத்திருக்கும் மேல்முறையீட்டுக் குழுவுக்கு gac.gov.in வழியாகப் போகலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

'விதிமீறல் இல்லை' என்ற பதில் வந்தால் அதுவே முடிவு என்று நினைத்துவிடாதே. இன்ஸ்டாகிராமின் செட்டிங்ஸில், உதவிப் பகுதிக்குள் நீ அனுப்பிய புகார்களின் பட்டியல் இருக்கும். அங்கிருந்து மறுபரிசீலனை கேட்க முடிகிற புகார்களுக்குக் கேட்டுவிடு. அந்தப் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, என்றைக்குப் புகார் செய்தாய் என்பதற்கு அதுவே சாட்சி.

எங்கள் விவகாரம் அத்தோடு முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில நாட்களில் இன்னொரு கணக்கு முளைத்தது, பெயரில் ஓர் எழுத்து மட்டும் வேறு. பையன் நொறுங்கிப் போனான். ஆனால் இந்த முறை எல்லாம் தயாராக இருந்ததால் படிவம் பத்து நிமிட வேலையாகிவிட்டது. கணக்கை நீக்க முடிகிறது, வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பலர் போனில் போய்ச் சேர்ந்துவிட்ட ஸ்டிக்கரை அப்படி நீக்க முடியாது. குழு நிர்வாகி எல்லாருக்குமாகச் சேர்த்து அந்தச் செய்தியை அழிக்கலாம், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குள்தான். அந்த ஸ்டிக்கர் விஷயம் வகுப்பறையில் தீர வேண்டியது, அதற்குப் பள்ளி வேண்டும்.

போனைப் பிடுங்கிக்கொள்வார்களே

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்பதற்கு நீ இரண்டு காரணங்கள் எழுதியிருந்தாய். ஒன்று, அப்பா போனை வாங்கி வைத்துக்கொள்வார். இன்னொன்று, "ஆம்பளைப் பையன் இதுக்குப் போய் அழலாமா" என்பார். எங்கள் மாணவன் அப்பாவை வரவழைக்காதீர்கள் என்று கெஞ்சியதும் ஏறக்குறைய இதே காரணங்களுக்காகத்தான்.

போன் பற்றிய பயம் நியாயமானது. பெற்றோர் பலரின் முதல் வேலையே அதுதான். தங்கள் பிள்ளையை யாரோ அடிக்கிறார்கள் என்றதும், அடி விழும் இடத்திலிருந்து பிள்ளையை இழுத்துவிடப் பார்க்கிறார்கள். ஆனால் போன் போனால் சான்றும் போகும், நல்ல நண்பர்களின் துணையும் போகும். அதனால் சொல்வதைச் சொல்லும் விதத்தில் சொல். புலம்பலாகத் தொடங்காமல், கையில் நோட்டோடு போ. "அப்பா, ஒரு பிரச்சினை. என் பெயரில் யாரோ போலிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நாளாக நடக்கிறது, எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். படிவம் நிரப்ப நீங்கள் கூட இருக்க வேண்டும். போனில் இருப்பதுதான் சாட்சி, அதனால் அதை இப்போதைக்கு என்னிடமே விட்டு வையுங்கள்" என்று கேள். அவரிடம் ஒரு வேலையைக் கொடு. கோபப்படும் அப்பாக்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தால் கோபம் அதில் இறங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் முடியவே முடியாது என்றால் அம்மா, பாட்டி, மாமா, வகுப்பாசிரியர் யாராவது ஒருவர். அந்த மாமாவிடமே மறுபடியும் போய், மாணவிகளுக்குப் போன செய்திகளைக் காட்டு. அவர் அதை அறியாமல்தான் 'கண்டுகொள்ளாதே' என்று சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.

ஆண்பிள்ளை அழலாமா என்ற பேச்சை நான் வெறுக்கிறேன். நீ மேடையில் ஆடினாய், ரசித்து ஆடினாய். அதைப் பெண்ணின் உடலோடு ஒட்டினால் உனக்கு அவமானம் என்று அந்தப் பையன்கள் நினைப்பதில், உன்னைப் பற்றிய கருத்து மட்டும் இல்லை, பெண்களைப் பற்றிய கருத்தும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டுமே அவர்களுடைய சிறுமை. பையன்களுக்கு நடப்பதைப் பையன்களே வெளியே சொல்வதில்லை என்பதால்தான் பெரியவர்களுக்கும் இது புதிதாகத் தெரிகிறது. குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. மத்திய அரசின் cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அதில் 'குழந்தை' என்பதில் பதினெட்டு வயது நிறையாத பையனும் அடக்கம்.

அவன் வாழ்க்கை கெட்டுவிடுமா

யார் செய்தது என்று உனக்கு ஒரு யூகம் இருக்கிறது. அவன் முன்பு உன் நண்பனாக இருந்தவன் என்றும், போலீசுக்குப் போனால் அவன் படிப்பு என்ன ஆகும் என்றும் எழுதியிருந்தாய். இத்தனைக்கு நடுவிலும் அவனுக்காகக் கவலைப்படுகிறாயே, அந்த மனத்தை அப்படியே வைத்துக்கொள். ஆனால் அந்தக் கவலை உண்மையில் எவ்வளவுக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொண்டு கவலைப்படு.

இத்தகைய போலிக் கணக்குகளுக்கு வழக்கமாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளைப் போடுவார்கள். இரண்டுக்கும் அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் செய்தவனுக்கும் பதினெட்டு வயது ஆகவில்லையென்றால் அவன் போவது சிறார் நீதிச் சட்டத்தின் வழியே. மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்கள் அந்தச் சட்டத்தில் சிறு குற்றங்கள் என்ற வகையில் வருகின்றன. பெரியவர்கள் யாரும் அதில் கூட்டுச் சேர்ந்திருக்காவிட்டால், இந்த வகைக்கு முதல் தகவல் அறிக்கையே போடுவதில்லை. காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் எழுதி, அவனுடைய சமூகப் பின்னணி அறிக்கையோடு சிறார் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். குழுமம் கண்டித்து அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம். அவன் பெயரை வெளியிடக் கூடாது. அது அவனுடைய எதிர்காலத்துக்குத் தகுதியிழப்பாக நிற்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. செய்தி பாலியல் தன்மை உள்ளதாகப் போய்ச் சேர்ந்திருந்தால் வேறு பிரிவுகளும் சேரலாம். அப்போதும் அவன் சிறுவன் என்ற பாதுகாப்பு அவனுக்கு உண்டு.

யூகத்தை யூகமாகவே வை. ஆண்டு விழாவின் அந்தக் குறிப்பிட்ட படம் எந்தக் குழுவில் மட்டும் பகிரப்பட்டது என்பது போன்ற குறிப்புகளை நோட்டில் எழுதி வை, விசாரிப்பவரிடம் கொடு. நீயாகப் போய் அவனை வழிமறித்துக் கேட்காதே, போலிக் கணக்குக்குச் செய்தி அனுப்பி வாயைக் கிளறாதே, பதிலுக்கு ஒரு கணக்கு தொடங்காதே. எங்கள் பள்ளி விவகாரத்தில் எல்லாரும் கைகாட்டிய பையன் ஒருவன், செய்தவர்கள் வேறு இருவர்.

கணக்கை அவர்களே அழித்துவிட்டால் ஆள் அகப்படமாட்டான் என்றும் நினைக்க வேண்டாம். புகாரின் பேரில் நீக்கிய பதிவுகளையும், மூடிய கணக்கின் பதிவு விவரங்களையும் தளங்கள் 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று அதே 2021 விதிகள் சொல்கின்றன. எந்த போன் எண்ணில் அல்லது மின்னஞ்சலில் தொடங்கப்பட்டது, எந்த இணைய முகவரியிலிருந்து எந்த நேரத்தில் நுழைந்தார்கள் என்பதைப் போலீசார் கேட்டு வாங்க முடியும், பெயர் போலியாக இருப்பது அதற்குத் தடையில்லை. ஆனால் அந்த 180 நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். தேர்வு முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று தள்ளினால் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தால் சான்று அழிந்துவிடுமோ என்ற தயக்கமும் தேவையில்லை. உன்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, அவர்களிடம் பதிவு இருக்கிறது.

எந்த வாசலுக்கு எப்போது

என் கருத்து இது. தளத்துக்கான புகாரும் பள்ளிக்கான கடிதமும் ஒரே நாளில் போகட்டும். பள்ளி அழைத்துப் பேசிய பிறகும் புதுக் கணக்கு வந்தாலோ, மிரட்டல் வந்தாலோ, பணமோ வேறு படமோ கேட்டாலோ, அதே நாளில் போலீசுக்குப் போக வேண்டும். மாணவிகளுக்குப் போன செய்திகள் பாலியல் தொல்லையாக இருந்தால் பள்ளியின் பதிலுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். குழந்தைகளுக்கு எதிரான அத்தகைய குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே பெரியவர்களுக்குக் குற்றம், ஆசிரியர்களும் அதில் அடக்கம்.

போலீஸ் என்றால், cybercrime.gov.in-இல் கொடுத்துவிட்டு வரும் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அங்கே பெயர் சொல்லாமல் கொடுக்கும் வழியும் உண்டு, ஆனால் உன் விஷயத்தில் பெயரோடு கொடுத்து, புகாரின் நிலையைப் பார்க்கும் வழியையே எடுத்துக்கொள். உன் பெயரில் நீ கொடுத்த புகார் என்பதுதானே உனக்கு வேண்டும். 1930 என்ற எண்ணை எல்லாரும் சொல்வார்கள். அது முக்கியமாகப் பணம் பறிபோனவர்களுக்கானது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. அப்பாவோடு நேரில் போனால் புகாரைப் பெற்றதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். "பசங்க விளையாட்டு, சமாதானமாகப் போங்கள்" என்று அங்கேயும் யாராவது சொல்லக்கூடும். அப்போது சண்டை போட வேண்டாம், "சமாதானத்துக்கும் தயார், ரசீது மட்டும் கொடுங்கள்" என்று நில்லுங்கள். தேதியுள்ள அந்தத் தாள் கைக்கு வருவது முக்கியம்.

பள்ளிக்கான கடிதம் தலைமையாசிரியர் பெயருக்கு இருக்கட்டும். வாய்ப்பேச்சாகச் சொன்னால் ஆசிரியர் அறையிலேயே கரைந்துபோகும், நானே பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் போதும். கணக்கின் பயனர்பெயர், முதலில் பார்த்த தேதி, குழுவில் ஸ்டிக்கர் வந்த தேதிகள், மாணவிகளுக்குச் செய்தி போன விவரம் (அவர்கள் பெயர் எழுதாதே, கேட்டால் நேரில் சொல்), தளத்தில் புகார் செய்த தேதி. பிறகு நீ கேட்பது என்ன என்று தெளிவாக எழுது: குழு நிர்வாகி அந்தப் படங்களை அழிக்க வேண்டும், இனிப் பகிரக் கூடாது என்று வகுப்பில் சொல்ல வேண்டும், என் பெயரைச் சொல்லாமல் சொல்ல வேண்டும், அந்தக் கணக்கு என்னுடையது இல்லை என்று அந்த மாணவிகளின் பெற்றோருக்குப் பள்ளி தெரிவிக்க வேண்டும். யார் செய்தது என்ற யூகத்தை அதில் எழுத வேண்டாம். கீழே நீயும் அப்பாவும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வரைவை நீயே இன்று இரவு எழுதிவிடு. வாக்கியம் சரியாக வரவில்லை என்றால் கவலைப்படாதே, தேதிகள் சரியாக இருந்தால் போதும். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு வரி போடு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா